ஃபாலோயர் இல்லாத கணக்கு, தினமும் நாலு கமென்ட்: லிங்க்டினில் தொடங்குவது எப்படி

லிங்க்டினில் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே ஒரு நீளமான பதிவு போடுகிறார்கள். உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார்கள். மறுநாள் பார்த்தால் இரண்டு லைக், அதில் ஒன்று பக்கத்து சீட்டு நண்பர் போட்டது. பதிவு மோசமாக இருந்ததால் அப்படி ஆவதில்லை. நாம் போடும் பதிவு முதலில் நம் தொடர்பில் இருப்பவர்களுக்குத்தான் போகும். அவர்களில் சிலர் நின்று படித்தால்தான் வெளியே நகரும். தொடர்பில் ஆளே இல்லாதபோது எவ்வளவு நல்ல பதிவும் அங்கேயே நின்றுவிடும்.

கமென்ட் அப்படியில்லை. ஏற்கெனவே ஆள் கூடியிருக்கும் இடத்தில் அது போய் உட்காருகிறது. பதிவு எழுதியவர் படிப்பார், அதைவிட முக்கியமாக, அவரைப் படிக்க வந்தவர்கள் படிப்பார்கள். அதனால் முதல் இரண்டு மாதம் சொந்தமாக எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி மூன்று நான்கு கமென்ட் எழுதுவதுதான் நான் எல்லாருக்கும் சொல்லும் வழி. எண்ணிக்கையைக் கூட்டுவதில் பெரிய பலன் இல்லை. ஒரே துறையைச் சேர்ந்த ஐம்பது நூறு பேர் கண்ணில், ஒரே மாதிரியான விஷயம் தெரிந்தவராக, திரும்பத் திரும்பப் படுவதில்தான் பலன் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் ஆறேழு வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஒரு ஆர்டரைச் சாம்பிளில் இருந்து ஷிப்மென்ட் வரை கவனித்துக்கொள்பவராக, இருக்கிறார். ஐரோப்பிய பிராண்டுகளில் சோர்ஸிங், அதாவது எந்த சப்ளையரிடம் வாங்குவது என்று பார்ப்பவர்களுக்குத் தன் பெயர் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. நாளைக்கு வேலை மாறவோ சொந்தமாக ஒரு பையிங் ஆபீஸ் தொடங்கவோ அது உதவும். கணக்கு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. தொடர்பில் இருப்பது ஆபீஸ் ஆட்கள் மட்டும்.

முதலில் பெயருக்குக் கீழே இருக்கும் வரி

கமென்ட் எழுதும் முன்னால் புரொஃபைலைச் சரி செய்யுங்கள். உங்கள் கமென்ட் தெரியும் இடத்தில் மூன்றே விஷயங்கள் கூடவே தெரியும்: படம், பெயர், ஹெட்லைனின் தொடக்கம். ஹெட்லைனில் 220 எழுத்து வரை எழுதலாம், ஆனால் போனில் கமென்ட்டுக்குப் பக்கத்தில் முதல் சில சொற்கள்தான் தெரியும். கமென்ட் பிடித்துப்போன ஒருவர், இவர் யார் என்று பார்ப்பது அந்தச் சில சொற்களைத்தான்.

"அனுபவம் மிக்க, ஆர்வமுள்ள, கற்றுக்கொண்டே இருக்கும்" என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும். கம்பெனிப் பெயரில் தொடங்கினாலும் வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. நம் மெர்ச்சண்டைசருக்கு நான் சொல்வது: "காட்டன் நிட்ஸ், திருப்பூர் | சாம்பிளில் இருந்து ஷிப்மென்ட் வரை" என்ற மாதிரி. முதல் மூன்று சொல்லிலேயே என்ன பொருள், எந்த ஊர் என்று தெரிந்துவிடுகிறது. நிட்ஸ் வாங்குபவருக்குத் திருப்பூர் என்ற பெயரே பாதி அறிமுகம்.

படம் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருந்தால் போதும், ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதில்லை. அறிமுகப் பகுதியில் நாலைந்து வரி: எந்த மாதிரித் துணிகள், எந்த மாதிரி பையர்கள், எதில் கை தேர்ந்தவர். சொந்தப் பதிவு ஒன்றும் இல்லையே என்று கவலை வேண்டாம். உங்கள் புரொஃபைலின் Activity பகுதியில் நீங்கள் எழுதிய கமென்ட்களும் தெரியும். யாராவது உள்ளே வந்தால் அவர்கள் படிக்கப்போவது அவற்றைத்தான். அங்கே "சூப்பர் சார்", "வாழ்த்துகள்" என்று இருபது வரிசையாக நின்றால், ஒரு நல்ல கமென்ட்டைப் பார்த்து வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

யாருக்குக் கமென்ட் எழுதுவது

இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. முகப்பில் வருவதையெல்லாம் பார்த்து, தோன்றிய இடத்தில் எழுதினால் நாலு மாதம் கழித்தும் உங்களை யாருக்கும் தெரிந்திருக்காது. பதினைந்திலிருந்து இருபது பேர் கொண்ட ஒரு பட்டியல் வேண்டும். நோட்டிலோ போனிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லட்சக்கணக்கில் ஃபாலோயர் உள்ளவர்களிடம்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். அங்கே ஒரு பதிவுக்கு நூற்றுக்கணக்கில் கமென்ட் வரும், உங்களுடையது அடியில் போய்விடும். தப்பித் தவறி மேலே நின்றாலும், படிப்பவர்கள் எல்லாத் துறையிலும் சிதறிக் கிடப்பார்கள். அப்படி ஒன்றிரண்டு பேர் பட்டியலில் இருந்தால் போதும். இரண்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் ஃபாலோயர் வரை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தன் வேலையைப் பற்றியே எழுதுபவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். அவர்கள் பதிவுக்கு பத்து இருபது கமென்ட் வரும். ஒவ்வொன்றையும் படிப்பார்கள். அங்கே வந்து பேசுபவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கும். நம்மவருக்கு அது ஒரு டச்சு பிராண்டின் சோர்ஸிங் மேனேஜராக இருக்கலாம், ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு தரக் கட்டுப்பாட்டு ஆலோசகராக இருக்கலாம், சாயப்பட்டறை பற்றி எழுதும் ஒரு டெக்ஸ்டைல் கெமிஸ்டாகவும் இருக்கலாம்.

ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும் முன் அவருடைய கடைசி ஐந்து பதிவுகளைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கமென்ட்களுக்கு அவர் பதில் எழுதுகிறாரா? ஒரு பதில்கூட இல்லையென்றால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு, கமென்ட் எழுதுபவர்கள் யார்? நீங்கள் சென்றடைய நினைக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்களா, இல்லை உங்களைப் போலவே வேலை தேடுபவர்கள் மட்டும் இருக்கிறார்களா?

பதிவர் பதில் எழுதுகிறாரா என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச்சில் ட்விட்டர் தன் பரிந்துரை முறையின் நிரலைப் பொதுவில் வெளியிட்டது. கொஞ்ச நாளில் அதன் மதிப்பெண்களும் வெளியே வந்தன. ஒரு பதிவை ஒருவருக்குக் காட்டலாமா என்று கணக்குப் போடும்போது லைக் வர வாய்ப்பு இருந்தால் அதற்கு 0.5, பதில் வர வாய்ப்பு இருந்தால் 13.5, அந்தப் பதிலைப் பதிவரும் கவனித்து ஏதாவது செய்வார் என்றால் 75. அந்த எண்கள் அன்றைய நிலவரம், அப்புறம் மாறிக்கொண்டே இருக்கும். லிங்க்டின் இப்படி எண்களை வெளியிட்டதில்லை. ஆனாலும் இந்தத் தளங்கள் எதை நாடுகின்றன என்பது அதில் தெரிகிறது. பதிவரும் வாசகரும் மாறி மாறிப் பேசும் இடம் மேலே வருகிறது, அதோடு சேர்ந்து உங்கள் கமென்ட்டும் மேலே வருகிறது.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொருவர் புரொஃபைலிலும் Follow கொடுத்துவிட்டு, அங்கே தெரியும் மணிச் சின்னத்தை அழுத்தி எல்லாப் பதிவுக்கும் அறிவிப்பு வரும்படி வைத்துவிடுங்கள். முகப்பை நம்பினால் பாதிப் பதிவு மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் படும். இன்னொரு வழி, தேடல். உங்கள் தொழிலில் வழங்கும் ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் தட்டி, Posts என்பதைத் தேர்ந்து, தேதி வடிகட்டியில் Past 24 hours வையுங்கள். நம்மவர் `shrinkage`, `lab dip`, `spirality` என்று தேடலாம். பட்டியலில் இல்லாத, ஆனால் இருக்க வேண்டிய ஆட்கள் இப்படித்தான் கிடைப்பார்கள். "சக்சஸ்", "லீடர்ஷிப்" மாதிரிப் பொதுச் சொற்களைத் தேடினால் கூட்டம்தான் கிடைக்கும், உங்கள் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

எந்த நேரம்

கமென்ட்கள் வழக்கமாக Most relevant என்ற வரிசையில் காட்டப்படுகின்றன. லைக்கும் பதிலும் வாங்கியவை மேலே நிற்கும். முதலில் வந்தவைக்கு அவற்றைச் சேர்க்க அதிக நேரம் கிடைக்கிறது. அதனால் பதிவு வந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுதுவது நல்லது. மறுநாள் எழுதினால் பதிவர் மட்டும் பார்ப்பார். அதுவும் வீண் இல்லை, ஆனால் மற்றவர்கள் கண்ணில் படாது.

உங்கள் பட்டியலில் உள்ளவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை வைத்து அந்த அரை மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியில் காலை 8 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மதியம் 12:30, கோடையில் 11:30. ஆபீஸ் போகும் வழியில் பதிவு போடுபவர்கள் நிறைய. திருப்பூரில் இருப்பவருக்குச் சாப்பாட்டு இடைவேளை அப்படியே பொருந்துகிறது. காலை எட்டு மணிக்கு எழுந்து லிங்க்டினைத் திறந்தால் அங்கே நேற்றைய பதிவுகள்தான் இருக்கும்.

ஒரு கமென்ட், ஆரம்பத்திலிருந்து

இப்போது உண்மையான வேலை. ஒரு சோர்ஸிங் மேனேஜர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எங்கள் டி-ஷர்ட் துவைத்ததும் முறுக்கிக்கொள்கிறது, பக்கத் தையல் முன்பக்கம் வந்துவிடுகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள். சப்ளையர் அனுப்பிய டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாமே பாஸ். சப்ளையரை எப்படி நம்புவது?"

கீழே பன்னிரண்டு கமென்ட். "அருமையான பதிவு", "தரம்தான் முக்கியம்", "சரியாகச் சொன்னீர்கள், நம்பிக்கையே வியாபாரத்தின் அடித்தளம்". ஒருவர் பதிவையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், எங்கள் கம்பெனியில் இந்தப் பிரச்சினையே கிடையாது, மெயில் அனுப்புங்கள் என்கிறார். இவற்றில் எதுவும் அந்த மேனேஜருக்கு நேற்றுத் தெரியாத ஒன்றைச் சொல்லவில்லை.

நம் மெர்ச்சண்டைசருக்கு இந்தப் பிரச்சினை தினசரி பாடு. டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கும், வட்டப் பின்னல் மெஷினில் நூல் ஊட்டும் ஃபீடர்களின் எண்ணிக்கையும் சேர்ந்து துணியைச் சாய்க்கும். ஃபினிஷிங்கில் ஸ்டென்டர் மெஷினில் இழுத்து நேராக்கி அனுப்பினால் பார்க்க நேராக இருக்கும், தண்ணீரில் போட்டதும் பழைய சாய்வுக்கே திரும்பும். இவ்வளவையும் கொட்டி எழுத வேண்டும் என்று கை துடிக்கும். வேண்டாம். அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான், பதிவு ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில்:

"ரிப்போர்ட் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஃபினிஷிங்கில் இழுத்து நேராக்கிய சிங்கிள் ஜெர்சி, ஒரு துவைப்புக்குப் பிறகு அளந்தால் பாஸ் ஆகி, நாலைந்து துவைப்பில் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் டீமில் துணியை மட்டும் அனுப்பாமல், தைத்த பீஸை ஐந்து முறை துவைத்து அளக்கச் சொல்கிறோம். உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் எத்தனை துவைப்பு, அளந்தது துணியிலா தைத்த பீஸிலா?"

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் வரியே பதிவில் இருந்த ஒரு குறிப்பிட்ட சொல்லைப் பிடிக்கிறது: ரிப்போர்ட். பதிவர் சப்ளையரைச் சந்தேகிக்கிறார், இவர் வேறு ஒரு காரணம் காட்டுகிறார், ஆனால் பதிவரை மடக்கவில்லை. அடுத்து, தன் வேலையிலிருந்து ஒரே ஒரு விஷயம், அதுவும் நாளைக்கே செய்து பார்க்கக்கூடியது. கடைசியில் ஒரு கேள்வி. அதற்குப் பதிவர் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்து ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டிருந்தால் அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும், பதில் வராது.

நூலின் முறுக்கு, ஃபீடர் பற்றியெல்லாம் எழுதாமல் வைத்திருந்தது இரண்டாவது சுற்றுக்கு. அவர் "ஒரே ஒரு துவைப்புதான், அதுவும் துணியில்" என்று பதில் போட்டால், அடுத்த கமென்ட்டில் நூல் பக்கம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். இதற்கென்றே ISO 16322 என்ற தரமுறை இருக்கிறது, ஆர்டர் தாளில் அதைக் குறிப்பிடலாம் என்றும் சொல்லலாம். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி முடித்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல இடமே இருக்காது. நல்ல விஷயம் தெரிந்தவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: கமென்ட் முழுமையாக இருக்கும், லைக் வரும், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை லிங்க்டின் 1,250 எழுத்து வரை அனுமதிக்கிறது, அதில் பாதிகூடத் தேவைப்படாது. நீளமான கமென்ட் மடங்கிப்போய் முதல் சில வரிதான் வெளியே தெரியும் என்பதால், "அருமையான பதிவு சார், பல நாளாக உங்களைப் படிக்கிறேன்" என்று தொடங்குவது வீண். மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. விஷயத்தைக் கூர்ந்து படித்து எழுதுவதே பெரிய மரியாதை.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதலாம், ஒரு எண்ணோ ஒரு நடைமுறையோ கையில் இருந்தால். சரக்கில் சில பீஸ் மட்டும் எடுத்துச் சோதிக்கும்போது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்பதற்கான அளவுதான் ஏ.க்யூ.எல். யாரோ "ஏ.க்யூ.எல். 2.5 பாஸ் ஆனால் சரக்கு சுத்தம்" என்று எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். "இது தவறு" என்று தொடங்கினால் சண்டை. "3,000 பீஸ் ஆர்டரில், சாதாரண லெவல் டூ ஆய்வில், 125 பீஸ் எடுப்போம். 7 பீஸில் மேஜர் குறை இருந்தாலும் அது பாஸ்தான், அதாவது எடுத்ததில் 5 சதவீதத்துக்கும் மேல். அதனால் பாஸ் ஆன லாட்டிலும் எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் அது பதிவுக்கே ஒரு துணை ஆகிவிடுகிறது. எழுதியவருக்கும் முகம் கெடவில்லை.

சொல்ல ஒன்றும் இல்லாத பதிவுகளும் வரும். அங்கே உண்மையாகவே தெரிந்துகொள்ள நினைக்கும் ஒரு கேள்வி இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் தாண்டிப் போங்கள். இன்றைக்கு நாலு எழுத வேண்டுமே என்று இட்டு நிரப்பிய கமென்ட் படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு நாள் இரண்டோடு நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஒரு எச்சரிக்கை. சொந்த அனுபவத்தை எழுதும்போது பையரின் பெயர், ஆர்டர் அளவு, விலை, எந்த மில்லின் நூல் என்பதெல்லாம் வெளியே வரக்கூடாது. பெரும்பாலான கம்பெனிகளில் ரகசிய ஒப்பந்தம் இருக்கும். அது இல்லாவிட்டாலும், ஒரு பையரைப் பற்றி இன்னொரு பையர் முன்னால் பேசுபவரை யாரும் நம்ப மாட்டார்கள். "ஒரு ஐரோப்பிய ஆர்டரில்" என்று சொன்னாலே போதும், விஷயத்தின் கனம் குறையாது.

எழுதிய பிறகு

அன்று மாலை ஒரு தடவை திரும்பிப் போய்ப் பாருங்கள். யார் பதில் எழுதியிருந்தாலும், பதிவரோ வேறு வாசகரோ, அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். புதிதாக ஒரு கமென்ட் எழுதுவதைவிட இதற்கு முன்னுரிமை கொடுங்கள். முதல் கமென்ட்டில் உங்களை ஒருவர் கவனிக்கிறார், இரண்டாவது மூன்றாவது பதிலில்தான் பெயர் மனதில் நிற்கிறது. அதே பதிவில் மற்றவர்கள் எழுதிய நல்ல கமென்ட்டுக்குக் கீழேயும் பேசலாம். பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை என்பதால் அந்த ஆள் உங்களைக் கட்டாயம் பார்ப்பார்.

ஒருவரோடு இரண்டு மூன்று தடவை இப்படிப் பேசிய பிறகு Connect கொடுங்கள். கூடவே ஒரு குறிப்பு: "துவைத்த பீஸில் அளப்பது பற்றிப் பேசிக்கொண்டோமே, தொடர்பில் இருக்கலாம் என்று நினைத்தேன்." இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளில் மட்டும்தான் குறிப்பு எழுத முடியும், அதனால் அவற்றை இப்படிப் பேசிப் பழகியவர்களுக்கே செலவழியுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட மறுநிமிடம் கம்பெனி பிரோஷரை அனுப்புவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும் காரியம். நன்றி சொல்லிவிட்டு, வழக்கம்போல கமென்ட்டில் பேசிக்கொண்டிருங்கள். வேலை விஷயமாகக் கேட்க வேண்டியிருந்தால் அவர்களே கேட்பார்கள்.

எழுதும் கமென்ட்களை ஒரு கோப்பில் நகல் எடுத்து வையுங்கள். பதிவர் தன் பதிவை அழித்தால் உங்கள் கமென்ட்டும் சேர்ந்து போய்விடும். உங்கள் கமென்ட்டை மட்டும் நீக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இரவல் இடத்தில் எழுதுவதில் இந்தச் சங்கடம் எப்போதும் இருக்கும். நகலுக்கு இன்னொரு பயனும் உண்டு. மூன்று நான்கு வாரம் கழித்து அந்தக் கோப்பைப் புரட்டினால், எந்தக் கமென்ட்டுக்கு மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள் என்று தெரியும். அதுதான் உங்கள் முதல் சொந்தப் பதிவு. துவைப்பு எண்ணிக்கை பற்றி மூன்று பேர் விளக்கம் கேட்டிருந்தால், ஒரே துணியை ஒரு துவைப்பிலும் ஐந்து துவைப்பிலும் எடுத்த படத்தோடு பதிவு போடலாம். பேசிப் பழகியவர்கள் இப்போது தொடர்பில் இருப்பதால் அது அவர்களுக்குப் போகும். அப்புறம் வாரம் ஒரு பதிவு, மிச்ச நாள் கமென்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

லிங்க்டின் இப்போது உங்கள் கமென்ட்டை எத்தனை தடவை காட்டியது என்ற எண்ணையும் உங்களுக்குக் காட்டுகிறது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய ஆள் பதிவில் எழுதிய ஒரு வரிக்கு ஆயிரக்கணக்கில் வரும், அதில் ஒருவர்கூட உங்கள் புரொஃபைலுக்குள் வந்திருக்க மாட்டார். வாரம் ஒரு முறை மூன்றைக் குறித்து வையுங்கள்: எத்தனை கமென்ட்டுக்குப் பதிவர் பதில் எழுதினார், புரொஃபைலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன வேலையில் இருப்பவர்கள். இலவசக் கணக்கில் பார்த்தவர் பட்டியல் முழுதாகத் தெரியாது, தெரியும் சிலரின் பதவிப் பெயர்களே போதும்.

முதல் இரண்டு மூன்று வாரம் எண்கள் அசையாது. அதற்காகப் பட்டியலைக் கலைக்காதீர்கள். ஆறேழு வாரம் ஆகியும் அப்படியே இருந்தால் எங்கே அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பதிவர்களே பதில் எழுதவில்லையென்றால் ஆள் தேர்வு தவறு, அல்லது தாமதமாக எழுதுகிறீர்கள், அல்லது பதில் சொல்ல இடமே விடாமல் எழுதுகிறீர்கள். பதிலும் லைக்கும் வருகிறது, புரொஃபைலுக்கு ஆள் வரவில்லை என்றால், கமென்ட்டில் உங்கள் தொழில் தெரியவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்திருப்பார்கள், எதற்குத் தேட வேண்டிய ஆள் என்று தெரிந்திருக்காது. ஆள் வந்தும் ஃபாலோ செய்யவில்லை என்றால் ஹெட்லைனையும் அறிமுகத்தையும் திருத்துங்கள். ஃபாலோ செய்பவர்கள் எல்லாம் மற்ற மெர்ச்சண்டைசர்களாகவே இருந்தால், உங்கள் பட்டியலில் இருப்பவர்களும் மெர்ச்சண்டைசர்களுக்காக எழுதுபவர்கள்தான். வாங்கும் பக்கம் இருப்பவர்களாகப் பாதியை மாற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் சலித்துப்போய்ச் சிலர் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்கிறார்கள். ஒருவர் பதிவின் லிங்க்கைப் போட்டால் மற்றவர்கள் எல்லாரும் போய்க் கமென்ட் போட வேண்டும் என்பது ஏற்பாடு. எண் ஏறும். ஆனால் வருபவர்கள் காப்பீட்டு முகவர், யோகா ஆசிரியர், ரியல் எஸ்டேட்காரர். உங்கள் பதிவு எந்த மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கும் என்று தளம் தவறாகக் கற்றுக்கொள்கிறது. தானாகக் கமென்ட் போடும் மென்பொருள்களையும் தொடாதீர்கள். லிங்க்டினின் பயனர் ஒப்பந்தம் அவற்றைத் தடை செய்கிறது, கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஒரே கமென்ட்டை நாலு பதிவில் ஒட்டுவதும் கிட்டத்தட்ட அதே கதைதான். சின்னத் துறைகளில் அதே ஆட்கள்தான் நாலு பதிவையும் படிக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை பட்டியலைத் திருத்துங்கள். எழுதுவதை நிறுத்தியவர்கள், பதிலே போடாதவர்கள் நாலைந்து பேரை எடுத்துவிட்டு, தேடலிலும் கமென்ட்களிலும் புதிதாகக் கண்ட நாலைந்து பேரைச் சேருங்கள். உங்கள் சொந்தப் பதிவுக்கு வாரம் பத்துப் பதினைந்து கமென்ட் வரத் தொடங்கும்போது அந்த அரை மணி நேரத்தில் முதல் பதினைந்து நிமிடம் அவர்களுக்குப் பதில் எழுதப் போகட்டும். வெளியே எழுதுவதை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். முழுதாக நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் வெளியே எழுதாமல் இருந்தால் புரொஃபைலைப் பார்க்க வருபவர்கள் எண்ணிக்கை இறங்குவது அந்த வாரக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.